பெயர் போடாத செய்தி

டிங் டிங் என்று அபாய மணி விடாமல் அலறியது. சிங்கப்பூரின் தோ பாயோவில் ஒரு பழைய அடுக்குமாடி புளோக். ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவே லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே ஒரு பெண்ணும், தள்ளுவண்டியில் அவள் குழந்தையும்.

லிஃப்ட் மெக்கானிக் லாசரஸ் மூச்சிரைக்க மொட்டை மாடி மோட்டார் அறைக்கு ஏறினார். அவருடன் வந்த இளமாறன் எட்டாவது மாடிக் கதவருகே நின்றான். ஒருவர் மேலே பிரேக்கைத் தளர்த்திச் சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும். மற்றவர் கீழே நின்று, லிஃப்ட் தளத்துக்கு நேராக வந்ததும் சொல்ல வேண்டும். நடுவே வாக்கி டாக்கி. இருபது வருடமாக லாசரஸ் செய்கிற வேலைதான்.

மோட்டார் அறையில் கன்ட்ரோல் பெட்டியைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. கதவு லாக் கோளாறு. அந்த லாக்கை முந்தின நாள் சரிசெய்தவன் இளமாறன். வாக்கி டாக்கியின் பட்டனை அழுத்தினார். ஒழுங்காக முடுக்கினாயா, கண்ணை எங்கே வைத்திருந்தாய், ஊரிலிருந்து கப்பல் பட்டறை வேலைக்கு வந்தவனுக்கெல்லாம் லிஃப்டைக் கொடுத்தால் இப்படித்தான் என்று கொட்டித் தீர்த்தார். அதன் பிறகுதான் மெயின் சுவிட்சை அணைத்துச் சக்கரத்தைப் பிடித்தார். லெவல் வந்தது என்று இளமாறன் சொன்னான். கதவு திறந்தது. அந்தப் பெண் அழுதுகொண்டே வெளியே வந்தாள்.

கீழ்த்தளத்தில் மிச்சத்தையும் லாசரஸ் ஆரம்பிக்க, இளமாறன் ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் எறிந்தான். உங்கள் வாய்க்கு முதலில் ஒரு லாக் போடணும் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டுக் கிளம்பிப் போய்விட்டான். இரண்டு மூன்று பேர் கைப்பேசியில் படம் பிடித்தார்கள். அந்தச் சமயத்தில்தான் சுதா வந்து சேர்ந்தாள். தமிழ்நாட்டிலிருந்து வந்த பொறியாளர். அவர்களுடைய புதிய டீம் லீடர், வந்து மூன்று வாரம். அந்த நாற்காலிக்கு லாசரஸும் மனுப் போட்டிருந்தார் என்பது எல்லாருக்கும் தெரியும். அவள் லாசரஸை ஒன்றும் கேட்கவில்லை. மேலே ஏறிப் போய், அந்தப் பெண்ணின் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு அவளை வீடுவரை கொண்டுபோய் விட்டாள்.

மறுநாள் காலை தேக்கா மார்க்கெட்டில் லாசரஸ் தோசையைப் பிட்டபோது டீமின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. ஆங்கிலத்தில் ஒரு முறை, கீழே தமிழில் ஒரு முறை.

“எல்லாருக்கும் வணக்கம். நேற்று ஒரு தாயும் குழந்தையும் லிஃப்டுக்குள் இருந்தபோது நம் ஆட்கள் சண்டை போட்டார்கள். பிறகு குடியிருப்பாளர்கள் முன்னாலும் போட்டார்கள். இது இனி நடக்கக் கூடாது. உள்ளே ஆள் இருக்கும்போது முதல் வேலை அவரிடம் பேசுவது, அடுத்த வேலை அவரை வெளியே எடுப்பது. யார் தப்பு என்ற பேச்சு அதற்குப் பிறகு, ஆபீசில், என் முன்னால். வாக்கி டாக்கியில் வேலைப் பேச்சு மட்டும். சொன்னதும் பட்டனை விடுங்கள், அடுத்தவர் பேசட்டும். கோபம் வந்தாலும் வேலை முடியாமல் இடத்தை விட்டுப் போகக் கூடாது. நேற்று நடந்ததற்காக யாருக்கும் எச்சரிக்கைக் கடிதம் கிடையாது. மறுபடி நடந்தால் அந்த ஆளை மீட்பு வேலையிலிருந்து நிறுத்துவேன். சம்பந்தப்பட்டவர்களிடம் இன்று தனித்தனியாகப் பேசுவேன். சுதா.”

லாசரஸ் தோசைத் தட்டைத் தள்ளி வைத்தார். பட்டனை விடுங்களாம். இவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த காலத்திலேயே பட்டனை அழுத்தியவர் அவர். தப்புச் செய்தவன் ஒருத்தன், கேட்டவன் ஒருத்தன். இரண்டு பேரையும் ஒரே துணியில் மூட்டை கட்டிவிட்டாளே. அதைவிட எரிந்தது, குழுவில் ஒவ்வொருத்தனாகக் கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டிருந்தது. இளமாறனும் தூக்கியிருந்தான்.

எதிரே உட்கார்ந்திருந்த மனைவி மிரண்டா செய்தியை வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

“உங்க பேரே இதுல இல்லையே. அப்புறம் என்னத்துக்கு இந்த ஆத்திரம்?”

“அதான் விஷயமே. அவன் பேரு எங்க? பேரு போடலன்னா எல்லாரும் என்னையும்தானே நினைப்பாங்க?”

“நினைக்காமலா இருப்பாங்க. உங்க வாய் கிளம்பினா தேக்கா முழுக்கக் கேக்கும் லா” என்று சொல்லி அவள் காப்பியை உறிஞ்சினாள். மனைவி பக்கமிருந்தும் நியாயம் கிடைக்கவில்லை.

புக்கிட் பாத்தோக் ஆபீசுக்குப் போய்ச் சேர்வதற்குள் ரயிலில் ஒரு வழக்கையே அவர் தயார் செய்துவிட்டார். இருபது வருடத்தில் தம்மேல் ஒரு புகார் உண்டா? சரியில்லாத வேலையைச் சரியில்லை என்று சொல்வது குற்றமா? ஒரு சாரி சொன்னானா அந்தப் பையன்? மேலேயிருந்து அவ்வளவு கேட்டும் ஒரு பதில் பேசாமல் கல்லு மாதிரி நின்றவன், கீழே ஆட்களைப் பார்த்ததும் வீரம் காட்டினான். அவன் பெயரைப் போட்டு ஒரு வரி வந்தாக வேண்டும். இல்லையென்றால் இந்த டீமே வேண்டாம், செம்பவாங் பக்கம் மாற்றல் எழுதிக் கொடுத்துவிடுவது என்று முடிவே செய்துவிட்டார்.

சுதா கதவைச் சாத்திவிட்டு நாற்காலியைக் காட்டினாள். அவர் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அவள் குறுக்கிடவில்லை. அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை.

லாக் சரியாக முடுக்கப்படவில்லை என்பதை அவள் ஒப்புக்கொண்டாள். இளமாறனிடம் காலையிலேயே பேசியாகிவிட்டது; இனி ஒரு மாதத்துக்கு அவன் செய்யும் லாக் வேலையை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். ஹெல்மெட்டை எறிந்துவிட்டுப் போனதற்கும் அவனுக்குக் கிடைக்க வேண்டியது கிடைத்தது என்றாள். சண்டை போட்டவர்களின் பெயரைத் தலைமை அலுவலகம் கேட்டது. அவள் கொடுக்கவில்லை. தன் டீமைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள்.

“ஏன் கொடுக்கல? அவனுக்கு வேலை பெர்மிட் போயிடும்னு பாவம் பாக்குறீங்களா மேடம்? அப்ப என் மானம்?” அந்த ‘மேடம்’ அவர் வாயில் அவ்வளவு மரியாதையாக வரவில்லை.

“உங்க மானத்தையும் சேத்துத்தான் அண்ணே பாத்தேன்.”

“எனக்கு ஒண்ணும் பாக்க வேணாம். குழுவுல பேரைப் போடுங்க. யார் தப்புன்னு எல்லாருக்கும் தெரியட்டும். இல்லன்னா இந்த மாற்றல் மனுல கையெழுத்துப் போடுங்க.”

மேசைமேல் வந்து விழுந்த தாளை அவள் தொடவில்லை. முகம் சிவந்திருந்தது. முதல் முறையாக அவளுக்கும் கோபம் வந்தது தெரிந்தது. ஆனால் குரல் உயரவில்லை. நேற்று அந்தப் பெண்ணின் வீட்டில் வெகுநேரம் உட்கார்ந்திருந்ததாகச் சொன்னாள். அந்தப் பெண்ணும் தமிழ்தான். கதவுக்கு வெளியே வாக்கி டாக்கியில் வந்த ஒவ்வொரு வார்த்தையும் அவளுக்கு உள்ளே கேட்டிருக்கிறது. மேலேயிருந்து கத்திய ஆளின் பெயர் என்ன என்றுதான் அவள் திரும்பத் திரும்பக் கேட்டாளாம்.

ஆனாலும் லாசரஸ் விடவில்லை. “கேட்டா கேக்கட்டும். நான் கேட்டதுல என்ன தப்பு? அவன் ஒரு வார்த்தை பதில் சொன்னானா? அதைச் சொல்லுங்க.”

“நீங்க பட்டனை விடவே இல்லண்ணே, விட்டாத்தானே அவன் பேசுறது உங்களுக்குக் கேக்கும்? உள்ள இருந்த அந்தம்மாவுக்குக் கேட்டுச்சு: ‘அண்ணே, தப்பு என்னுதுதான், குழந்தை அழுவுது, முதல்ல இவங்கள எடுப்போம், அப்புறம் எவ்வளவு வேணும்னாலும் என்னைத் திட்டுங்க.’”