பரிசு இல்லாத மேசை

குடியிருப்பு விழாவில் குழந்தைகள் மூலைக்கு எப்போதும் காப்பக டீச்சர்தான் பொறுப்பு. மைதானத்தில் விளையாட்டு நடக்கும். அதைப் பார்த்துக்கொள்வது பஸ் ஓட்டும் அவர் கணவர். சத்தம் பிடிக்காத பிள்ளைகளுக்குச் சமுதாயக் கூடத்தின் வெளிச்சுவரை ஒட்டி ஒரு கைவேலை மேசை. யாரும் பின்னாலிருந்து வந்து தொட முடியாதபடி நாற்காலிகளைச் சுவரோரமாகப் போட்டிருந்தார். ஒலிபெருக்கி இருந்தது எதிர்ப்பக்கம். மூடிகளில் பசை, முனை மழுங்கிய கத்தரிக்கோல், அட்டை, நூல், துணித் துண்டுகள். செய்து முடித்த மாதிரி ஒன்றுகூட வைக்க மாட்டார். மாதிரியைப் பார்த்தால் பிள்ளைகள் அதைப் போல வரவில்லையே என்று அழத் தொடங்கிவிடும்.

அந்த மேசைக்குத் தையல்காரி தன் மகனைக் கொண்டுவந்து விட்டாள். ஏழு வயது. கையில் கிடைப்பதையெல்லாம் காகிதத்தில் சுற்றிக் கட்டுவதால் வீட்டில் அவனுக்குப் பெயர் பொட்டலம். கூட்டம் நெருங்கினால் காதைப் பொத்திக்கொண்டு கத்துவான். போன வருடம் அவள் கூடத்துக்குள் துணி திருத்தும் கடை போட்டு, சற்று நேரத்திலேயே இயந்திரத்தை மூடிவிட்டு அவனைத் தூக்கிக்கொண்டு போனாள்.

“கத்துனா உடனே கூப்பிடுங்க டீச்சர்” என்றாள். “இந்தத் தடவையும் பாதியில போனா இனிமே எனக்கு இடம் தர மாட்டாங்க.”

பொட்டலம் உட்கார்ந்தான். ஒரு பொத்தானைச் சுற்றினான், அந்தப் பொட்டலத்தை இன்னொரு காகிதத்தில் சுற்றினான். பக்கத்து நாற்காலிச் சிறுமி அவனை ஒன்றும் கேட்கவில்லை. அந்த மேசையில் பேச வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

மைதானத்தில் வளையத்துக்குள் மணல் பை எறியும் விளையாட்டு. பெரிய பிள்ளை ஒன்றும் சின்னப் பிள்ளை ஒன்றும் சேர்ந்தால்தான் அணி. மாறி மாறி எறிய வேண்டும். மூன்று கோடுகளில் எதில் நிற்பது என்பதை எறிகிற பிள்ளையே முடிவு செய்யும். அதனால் பொடிசுகளும் நிறையவே ஜெயித்தன.

விழாச் செயலாளருக்கு இந்த மேசையைப் பார்த்துப் பாவமாக இருந்திருக்கிறது. ஓர் உதவி செய்வோம் என்று மைக்கை எடுத்து, கைவேலை மேசையில் மிகச் சிறந்த பொருளுக்கு ஒரு கோப்பை என்று அறிவித்துவிட்டார்.

அவ்வளவுதான், பெற்றோர் வந்து மொய்த்தார்கள். ஒரு தகப்பன் மகளிடமிருந்து அட்டையை வாங்கித் தானே ராக்கெட் வெட்டினார். இரண்டு தாய்மார் ஒரே கத்தரிக்கோலுக்கு இழுபறி நடத்தினார்கள். பொட்டலம் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விட்டான்.

டீச்சர் மேசை விரிப்பைத் தூக்கிப் பார்த்தார். அவன் கத்தவில்லை. பசை மூடியையும் காகிதத்தையும் நூலையும் உள்ளே தள்ளிவிட்டுக் காத்திருந்தார். கொஞ்சம் கழித்து ஒரு கை வந்து நூலை எடுத்துக்கொண்டது.

பிறகு கணவரிடம் போனார். கோப்பை இனிமேல் மணல் பை விளையாட்டுக்கு என்றும், பெற்றோர்தான் எறிய வேண்டும், எந்தக் கோட்டில் நிற்பது என்பதைப் பிள்ளைகள் சொல்வார்கள் என்றும் சொன்னார்.

“அம்புட்டுக் கூட்டத்தையும் என் தலையில கட்டுறியா?”

“தினமும் பஸ்ல ஏத்துறதுதானே. ஏத்துங்க.”

கணவர் விசில் ஊதவில்லை. ஒவ்வொரு ஆளாகத் தோளைத் தட்டி அழைத்துப் போனார். ராக்கெட் தகப்பனை அவர் மகள் மிகத் தூரத்துக் கோட்டில் நிறுத்திவிட்டு, சுற்றுமுற்றும் பார்த்து, மேசைக்கடியில் நுழைந்துகொண்டாள்.

செயலாளர் முகம் சிவந்து வந்தார். தான் அறிவித்ததை மாற்ற யார் அனுமதி தந்தது என்று கேட்டார்.

“நல்லதுக்குத்தான் செஞ்சீங்க, தெரியும்” என்றார் டீச்சர். “ஆனா பரிசுன்னு சொன்னதும் பெரியவங்க வந்து உக்காந்துடுறாங்க. பிள்ளைங்க எங்க இருக்காங்கன்னு குனிஞ்சு பாருங்க.”

அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது குரல் தானாகவே தணிந்திருந்தது. இந்தப் பக்கம் இனி மைக்கில் எதுவும் சொல்வதில்லை என்று ஒப்புக்கொண்டார்.

அறிவிப்பு கூடத்துக்குள் கடை போட்டிருந்த தையல்காரிக்கும் கேட்டிருக்கிறது. துணி திருத்தக் கொடுத்தவரை அனுப்பிவிட்டு, கழுத்தில் அளவு நாடாவோடு ஓடி வந்தாள். காலி நாற்காலியைப் பார்த்ததும் முகம் வாடிவிட்டது. டீச்சர் விரிப்பைக் காட்டினார்.

அவள் மண்டியிட்டாள். “வீட்டுக்குப் போலாமா கண்ணா?”

பொட்டலம் நிமிரவில்லை. ராக்கெட் தகப்பனின் மகள் பிடித்திருந்த காகிதத்தின் மேல் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான்.

“இன்னும் முடியல. நீ போ.”

அவள் அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தாள், அவன் கூப்பிடுவான் என்பது போல. கூப்பிடவில்லை. எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டினாள். ஐந்து சட்டைகள் பாக்கி இருப்பதாகவும், முடித்துவிட்டு வருவதாகவும் டீச்சரிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.