கசிவு

அமிர்தவள்ளியின் கிணற்றில் முதல் தடவை உப்பு அளந்தபோது இருதயராஜ் அசந்துதான் போனான். கருவியைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை அளந்தான். அதே ஆயிரத்து நானூறு.

ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவில், பாலாற்றை ஒட்டிய ஊர் அது. இரண்டு பர்லாங் தள்ளித் தோல் பதனிடும் ஷாப்புகள். அவற்றின் கழிவு பல வருஷமாக மண்ணில் இறங்கி, சுற்றியுள்ள கிணறுகளில் எல்லாம் கருவி ஐயாயிரத்தைத் தாண்டிக் காட்டியது. இந்த ஒரு கிணறு மட்டும் மிளகாய் போடுகிற அளவுக்கு நல்ல தண்ணீரோடு இருந்தது. ஏரிக்கால்வாயின் கரையிலேயே, பத்தடி தூரத்தில் இருந்தது அந்தக் கிணறு.

"எங்க மாமனார் வெட்டினது சார். கை ராசி," என்றாள் அமிர்தவள்ளி.

இருதயராஜ் வேளாண் பொறியியல் துறையில் உதவிப் பொறியாளர். வயது இருபத்தெட்டு. 1983 கடைசியில் இரண்டு வேலைகளோடு அந்த ஊருக்கு வந்தான். ஒன்று, ஏரிக்கால்வாயில் எவ்வளவு தண்ணீர் வீணாகிறது என்று அளப்பது. மற்றது, ஒரே பயிருக்கு மூன்று விதமாகத் தண்ணீர் விட்டு எது சிக்கனம் என்று விவசாயிகளுக்குக் காட்டுவது. நல்ல தண்ணீர் உள்ள கிணறு வேண்டியிருந்ததால் அமிர்தவள்ளியின் நிலத்தைத் தேர்ந்தெடுத்தான்.

அவள் உடனே சரி என்றதற்குக் காரணம் இருந்தது. அவள் புருஷன் பச்சையப்பன் தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோலைப் புரட்டுகிறவன். அவன் விரல் இடுக்கெல்லாம் வெடித்து, சோற்றைப் பிசையும்போது எரியும். பல ராத்திரி அவளே ஊட்டிவிடுவாள்.

"இருக்கிற தண்ணியில இன்னும் ஒரு ஏக்கர் பயிர் வெக்க முடிஞ்சா அவர அந்தக் குழியிலேர்ந்து ஏத்திடுவேன் சார். முடியுமா?"

"முடியும்மா," என்றான் இருதயராஜ். அவன் அதை முழுக்க நம்பினான்.

தை மாசம் மிளகாய் நாற்று நட்டார்கள். அரை ஏக்கரில் பாத்தி கட்டி வாய்க்கால் பாசனம். அரை ஏக்கரில் தெளிப்பான்; குழாயின் முனையில் சுழன்று மழை போல் இறைக்கும். இன்னொரு அரை ஏக்கரில் சொட்டுநீர். கறுப்புக் குழாயிலிருந்து பிரிந்த மெல்லிய குழல்கள் ஒவ்வொரு செடியின் அடியிலும் சொட்டுச் சொட்டாக விடும்.

பச்சையப்பன் வேலை முடிந்து வந்து குழல்களைக் குனிந்து பார்த்தான். "இன்னா சார் இது, கொழந்தைக்கு மருந்து ஊத்தற மாதிரி ஊத்துது? இது எப்டி பத்தும்?"

"நூறு குடம் தண்ணி வயலுக்கு வந்துச்சுன்னு வெச்சுக்குங்க. பாத்தியில விட்டா அம்பத்தெட்டு குடம்தான் வேர் இருக்கிற மண்ணுல நிக்குது. மீதி வேருக்குக் கீழ எறங்கிப் போய்டுது. தெளிப்பான்ல எழுபத்தாறு நிக்கும், கொஞ்சம் காத்துலயும் வெயில்லயும் போய்டும். சொட்டுநீர்ல தொண்ணூத்தியொண்ணு. இதத்தான் பாய்ச்சும் திறன்னு சொல்றோம்."

"கீழ போறது தண்டமா?"

"தண்டம்தான்."

வைகாசியில் கணக்குப் பார்த்தபோது இருதயராஜுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பாத்தி மிளகாய்க்குத் தொள்ளாயிரம் மில்லிமீட்டர் தண்ணீர் போயிருந்தது. ஹெக்டேருக்கு ஆயிரத்து எண்ணூறு கிலோ காய்ந்த மிளகாய். சொட்டுநீருக்கு நானூற்று இருபது மில்லிமீட்டர்தான். விளைச்சலோ இரண்டாயிரத்து நூறு கிலோ. ஒரு மில்லிமீட்டர் தண்ணீருக்குப் பாத்தியில் இரண்டு கிலோ, தெளிப்பானில் ஏறக்குறைய மூன்று, சொட்டுநீரில் ஐந்து. நீர்ப் பயன்பாட்டுத் திறன் என்ற தலைப்பின் கீழ் அந்த மூன்று எண்களையும் எழுதி, அமிர்தவள்ளியிடம் வாசித்தும் காட்டினான்.

அவளுக்கு எண்கள் முக்கியமில்லை. அவ்வளவு பறித்த பிறகும் கிணற்றில் தண்ணீர் இருந்தது. அடுத்த தையில் இன்னொரு ஏக்கரையும் சேர்த்து மிளகாய் வைப்பதென்று முடிவாயிற்று. பச்சையப்பன் தோல் ஷாப்பில் சொல்லிவிட்டு நின்றான். ஒரே மாசத்தில் அவன் விரல்களில் புதுத்தோல் வந்தது. தானே பிசைந்து சாப்பிட்டான்.

அதே கோடையில் இருதயராஜின் முதல் வேலைக்கும் பலன் கிடைத்தது. கால்வாயின் தலைமடையில் வினாடிக்கு முப்பது லிட்டர் விட்டால், ஒரு கிலோமீட்டர் தள்ளிக் கடைமடையில் பதினெட்டு லிட்டர்தான் வந்தது. வி வடிவ வெட்டுள்ள பலகையை இரண்டு இடத்திலும் நட்டு அவனே பல நாள் அளந்தது. கடத்தும் திறன் அறுபது சதம். நூற்றில் நாற்பது மண்கால்வாயிலேயே கசிந்து போகிறது. கடைமடைக்காரர்கள் ஏழு வருஷமாக நெல் நட்டுப் பாதியில் காயவிட்டிருந்தார்கள். அவன் எழுதிய அறிக்கையின் பேரில், ஏரி வற்றியிருந்தபோது கால்வாய்க்கு சிமெண்ட் பூசினார்கள்.

ஐப்பசியில் ஏரி நிறைந்தது. கடைமடையில் இருபத்தெட்டு லிட்டருக்கு மேல் வந்தது. தொண்ணூற்று நாலு சதம். கடைமடைக்காரர் ஆதிகேசவன் பலகையின் பக்கத்தில் உட்கார்ந்து, தண்ணீர் விழுவதைப் பார்த்து அழுதார்.

எண்பத்தைந்து தையில் அமிர்தவள்ளி இரண்டரை ஏக்கரில் மிளகாய் நட்டாள். அரை ஏக்கர் பாத்தி, அரை ஏக்கர் தெளிப்பான், மீதி எல்லாம் சொட்டுநீர். மாசியில் தெளிப்பான் பகுதியில் இலைகளின் ஓரம் கருகத் தொடங்கியது. பூச்சி என்று நினைத்து மருந்தடித்தார்கள். பங்குனியில் சொட்டுநீர்ச் செடிகளைச் சுற்றி, ஈரம் முடியும் இடத்தில், தட்டின் விளிம்பு போல ஒரு வெள்ளை வளையம் தெரிந்தது. ஆனால் செடிகள் நன்றாகத்தான் இருந்தன. பூவும் பிஞ்சுமாக நின்றன.

"இது இன்னா சார், சுண்ணாம்பு மாதிரி?" என்று பச்சையப்பன் விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். "கரிக்குது."

இருதயராஜ் கிணற்றில் தண்ணீர் எடுத்து அளந்தான். மூவாயிரத்து எண்ணூறு. மட்டமும் போன வருஷத்தைவிட எட்டடி கீழே இருந்தது. கோடையில் உப்பு கொஞ்சம் ஏறும் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டான். புறப்படும்போது அமிர்தவள்ளி கேட்டாள்:

"கோட மழ வர காலம் சார். மழ பெஞ்சா மோட்டார் போடணுமா?"

"மழையில எதுக்கும்மா? நிறுத்திடுங்க. தண்ணி வேஸ்ட்டு."

சித்திரை இரண்டாம் வாரம் மழை வந்தது. பெரிய மழை இல்லை, எட்டு மில்லிமீட்டர். அமிர்தவள்ளி அவன் சொன்னபடி மோட்டாரை நிறுத்தினாள். அந்தச் சின்ன மழை, செடிகளைச் சுற்றி மாசக்கணக்காகச் சேர்ந்திருந்த உப்பைக் கரைத்து, வேருக்குள் இறக்கியது. கீழே தள்ளிக் கொண்டுபோகும் அளவுக்கு அந்த மழைக்குப் பலம் இல்லை.

மூன்றாம் நாள் ஆள் அனுப்பினார்கள். இருதயராஜ் வந்து வரப்பில் நின்றான். ஒன்றரை ஏக்கர் சொட்டுநீர் மிளகாயும் வெந்த கீரை போலத் துவண்டு கிடந்தது. பிஞ்சுகள் உதிர்ந்து கிடந்தன. உப்புத் தண்ணீர் இலைமேலேயே விழுந்த தெளிப்பான் பகுதி முன்பே கருகிப் போயிருந்தது. பாத்தி மிளகாய் மட்டும் பழுப்பேறி, ஆனால் உயிரோடு நின்றது. அளவுக்கு மீறிப் பாய்ந்த தண்ணீர் அங்கே உப்பையும் இழுத்துக்கொண்டு கீழே போயிருந்தது. போன வருஷம் அவன் தண்டம் என்று சொன்ன தண்ணீர்.

"மழையிலயும் மோட்டார ஓட்டியிருக்கணும். உப்பு உள்ள வராம வெளிய தள்ளியிருக்கும்," என்றான். "நான் தப்பா சொல்லிட்டேன்மா."

அமிர்தவள்ளி ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தியில வுட்டா பொழைக்குமா சார், மீதி இருக்கிறது?" என்று பச்சையப்பன் கேட்டான். பதிலுக்குக் காத்திராமல் ஓடிப்போய் மோட்டாரைப் போட்டான். அரை மணியில் மோட்டார் காற்றை இழுத்தது. கிணற்றில் சேறுதான் இருந்தது. பாத்தி கட்டி விடுகிற அளவுக்கு அங்கே தண்ணீர் இல்லை.

அன்றைக்குத்தான் இருதயராஜ் கால்வாய்க்கரையில் போய் உட்கார்ந்தான். காய்ந்த சிமெண்டைக் கையால் தடவினான். கிணற்றைத் திரும்பிப் பார்த்தான். பத்தடி. வினாடிக்குப் பன்னிரண்டு லிட்டர், ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு, வருஷா வருஷம் மாசக்கணக்கில் மண்ணுக்குள் இறங்கி, தோல் ஷாப்பு உப்பின் மேல் மிதந்து நின்ற நல்ல தண்ணீர் எங்கே போயிற்று என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

வேலூரில் செயற்பொறியாளர் சம்பந்தம் பொறுமையாகக் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை.

"உன் அளவு தப்பா?"

"இல்ல சார்."

"சிமெண்ட் லைனிங் தப்பா?"

"இல்ல சார். ஆனா அந்தக் கசிவுதான் அவங்க கிணறு. ஒரு அம்பது மீட்டர், கிணத்துக்கு நேரா, சிமெண்ட்ட எடுத்துட்டா..."

"அந்தக் கிணறு ஏரித் தண்ணி பாயற ஆயக்கட்டுல இருக்குதா?"

"இல்ல."

"அப்ப அந்தத் தண்ணிக்கு அவங்களுக்கு உரிமை இல்லப்பா. கடைமடையில எண்பது ஏக்கர் நெல்லு வெளஞ்சிருக்குது. நீ சிமெண்ட்ட ஒடைக்கப் போனா உன்ன வெட்டுவாங்க. உப்பு எங்கேர்ந்து வருதுன்னு எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். அத நிறுத்தற எடத்துல நாம இல்ல." கொஞ்சம் யோசித்துவிட்டு, "மொத வருஷ நம்பர் நல்லா இருக்கு. அத அனுப்பு," என்றார்.

இருதயராஜ் இரண்டு வருஷத்தையும் எழுதினான். துறை விவசாயிகளுக்காக அச்சிட்ட துண்டுப் பிரசுரத்தில் முதல் வருஷம் மட்டும் இருந்தது.

ஆனியில் குழாய்களைத் திரும்ப எடுத்துப்போக வந்தான். அமிர்தவள்ளி அவற்றைக் கழுவி, சுருட்டி, கட்டி வைத்திருந்தாள். பச்சையப்பன் வீட்டில் இல்லை. பழைய ஷாப்பில் அவன் இடத்துக்கு ஆள் போட்டுவிட்டார்கள். வேறொரு ஷாப்பில் சுண்ணாம்புக் குழிக்கே எடுத்துக்கொண்டார்கள். அவளும் மறுநாளிலிருந்து தோல் உலர்த்தும் களத்துக்குப் போவதாக இருந்தாள்.

"ஒண்ணு கேக்கணும் சார்," என்றாள். "கால்வாயில நூத்துக்கு நாப்பது வீணா போவுதுன்னு அளந்தீங்களே. அது எங்க கெணத்துலதானே வுழுந்துது?"

"ஆமாம்மா."

"அளக்கறப்பவே தெரியாதா?"

"தலைமடையில அளந்தேன், கடைமடையில அளந்தேன். நடுவுல எங்க போவுதுன்னு பாக்கல."

அவள் தலையாட்டினாள். கோபப்பட்டிருந்தால் அவனால் தாங்கியிருக்க முடியும். "எண்ணிக்குங்க சார், பதினாலு சுருள் இருக்குது," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

குழாய்களை ஏற்றிக்கொண்டு ஜீப் கடைமடையைத் தாண்டும்போது ஆதிகேசவன் கையைக் காட்டி நிறுத்தினார். தோளில் ஒரு மூட்டை அரிசி.

"ஏழு வருஷம் கழிச்சு எங்க நெலத்து நெல்லு சார். மொதல் அரிசி உங்களுக்குத்தான்னு வெச்சிருந்தேன். வேணான்னு சொன்னா நான் சாப்பிட மாட்டேன்."

வேண்டாம் என்று சொல்ல இருதயராஜுக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. கிழவரின் முகம் அப்படி இருந்தது. மூட்டையை அவரே குழாய்ச் சுருள்களின் மேல் வைத்தார். நல்லா இருக்கணும் சார் என்று கும்பிட்டார். பதிலுக்குக் கும்பிட இருதயராஜுக்குக் கை எழவில்லை.