வழியில் அழிந்த படம்

ஃபர்ஸானாவைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். மறைத்துப் பேசி ஆகப் போவது ஒன்றுமில்லை. பாலக்காட்டுக் கல்லூரி ஹாஸ்டலில் மூன்று வருடமாக ஒரே அறை, ஒரே மின்விசிறி, ஒரே பக்கெட். என் சட்டையை அவள் போடுவாள், அவள் வீட்டுப் பலகாரத்தை நான் தின்பேன். ஆனாலும் எரியும்.

சி.டி.எஃப் என்கிற போட்டியை அவளுக்கு அறிமுகப்படுத்தியதே நான்தான். ஒரு படமோ பாட்டோ கொடுப்பார்கள். அதற்குள் எங்கோ ஒரு வரியை ஒளித்து வைத்திருப்பார்கள். அதற்கு ஃப்ளாக் என்று பெயர். அதைத் தோண்டி எடுத்தால் மதிப்பெண். முதல் வருடத்தில் ஒருநாள், காதில் வெறும் இரைச்சலாகக் கேட்ட ஒரு ஒலிக்கோப்பை ஸ்பெக்ட்ரோகிராமில் திறந்து காட்டினேன். எந்த நேரத்தில் எந்த அதிர்வெண் எவ்வளவு பலமாக ஒலிக்கிறது என்று படமாக வரைந்து காட்டுகிற வசதி அது. திரையில் பச்சைக் கோடுகள் எழுத்துகளாக நின்றன. "அய்யோ, சத்தத்துக்குள்ள எழுத்தா!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். அன்றைக்கு எனக்கு எவ்வளவு பெருமை!

ஆறே மாதம். குருவை மிஞ்சிய சிஷ்யை ஆகிவிட்டாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் முட்டிய கணக்கை, அவள் மிக்சர் கொறித்துக்கொண்டே முடிப்பாள். போதாக்குறைக்குப் பக்கத்தில் வந்து, "பேச்சி, சோறு திங்கப் போலாமா?" என்பாள். என் முழுப்பெயர் முத்துப்பேச்சி. கல்லூரி சி.டி.எஃப் கிளப்பில் அந்தப் பெயரை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. படமோ ஒலியோ வந்தால் எல்லோர் வாயிலும் ஒரே வார்த்தை: "ஃபர்ஸானாகிட்ட குடு."

கொச்சியில் நடக்கிற இறுதிச் சுற்றுக்கு எங்கள் அணியிலிருந்து நாலு பேர் போகலாம். மூன்று இடம் முடிவாகிவிட்டது. ஒளித்ததைக் கண்டுபிடிக்கிற தடயவியலுக்கு ஒரே ஒரு இடம். அவளா, நானா? அந்த இறுதிச் சுற்றைப் பார்த்துத்தான் பல கம்பெனிகள் ஆளெடுக்கின்றன. வண்டிப்பெரியாரில் கொழுந்து கிள்ளும் என் அம்மாவிடம், "இந்த வருசம் நான்தான் போறேன்" என்று ஏற்கெனவே சொல்லியும் விட்டேன்.

கிளப்பைப் பார்த்துக்கொள்கிற கோபிநாத் சார் சித்தூர்க்காரர். யார் மனமும் நோகக் கூடாது என்று நினைப்பவர். "ஏனம்மிணி, நான் ஒருத்திய சொன்னா இன்னொருத்திக்கு வருத்தம். நீங்களே தீர்த்துக்கோங்க. அவளுக்கு நீ ஒரு கேள்வி தயார் பண்ணு, உனக்கு அவ பண்ணட்டும். ஒரு படம், ஒரு சத்தம். நாலு மணி நேரம். முடிச்சவங்க போலாம்" என்றார்.

லீவுக்கு ஊருக்குப் போனேன். எஸ்டேட் லயத்து வீட்டில் உட்கார்ந்து என் மூளை முழுவதையும் அவளைத் தோற்கடிப்பதற்கே செலவழித்தேன். தேயிலை ஃபேக்டரி வாசலில் நின்று கொழுந்தை உருட்டுகிற ரோலர் ஓடுகிற சத்தத்தைப் பதிவு செய்தேன். அதன் மேல், பதினைந்தாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலே, காது கண்டுகொள்ளாத மெல்லிய ஒலியில் ஒரு கடவுச்சொல்லை எழுத்தாகப் பதித்தேன். அதை அவள் கண்டுபிடித்துவிடுவாள், தெரியும். வேலை படத்தில்தான் இருந்தது.

படத்தின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள். நீல எண்ணின் கடைசி பிட்டை, அதாவது அதன் கடைசி 0 அல்லது 1-ஐ, மட்டும் மாற்றினால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. அந்தக் கடைசி பிட்டுகளில் ஃப்ளாக்கை எழுதலாம். மேலிருந்து கீழாக வரிசையாக எழுதினால் அவள் வைத்திருக்கிற கருவிகள் நொடியில் வாசித்துவிடும். ஆகவே கடவுச்சொல்லை வைத்துப் புள்ளிகளின் வரிசையைக் கலைத்து, அங்கொன்றும் இங்கொன்றுமாக எழுதினேன். ஒளிக்கப் பயன்படுத்திய புரோகிராமையும் கூடவே கொடுத்தேன், இல்லாவிட்டால் அது கேள்வியே இல்லை. ஃப்ளாக்காக என்ன எழுதினேன் தெரியுமா? "இது உனக்கு வராது." ஆங்கில எழுத்தில், சொற்களுக்கு நடுவில் கோடு போட்டு. எழுதிவிட்டுத் தனியாகச் சிரித்தேன்.

லேப்டாப்பில் நெட் கிடையாது. எல்லாவற்றையும் போனுக்கு மாற்றி, சிக்னலுக்காகக் கோயில் மேட்டுக்கு ஏறி, சாருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

போட்டியன்று லேபில் எதிரெதிராக உட்கார்ந்தோம். அவள் எனக்குக் கொடுத்த படம் அவள் அத்தாவின் மளிகைக்கடை. மூட்டைகள் பாதியில் வெட்டியது போல நின்றன. பி.என்.ஜி கோப்பின் தலைப்பில் அகலமும் உயரமும் எழுதியிருக்கும், அவை மாறவில்லை என்று சொல்ல ஒரு சரிபார்ப்பு எண்ணும் இருக்கும். அந்த எண் பொருந்தவில்லை. உயரத்தைக் குறைத்து எழுதியிருக்கிறாள்! ஒவ்வொரு உயரமாகப் போட்டு எண் பொருந்துகிற இடத்தைப் பிடித்தேன். கடையின் அடிப்பகுதி திறந்தது. ஒரு சாக்கின் மேல் கடவுச்சொல். ஒலிக்கோப்பில் ஒளித்ததை எடுக்கிற ஸ்டெக்ஹைட் கருவியை ஓட்டி அதைக் கொடுத்ததும் ஃப்ளாக் வெளியே வந்தது. இரண்டே முக்கால் மணி நேரம். நல்ல கேள்வி. நேர்மையான கேள்வி. அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

எழுந்து தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் அவள் திரையை எட்டிப் பார்த்தேன். ஸ்பெக்ட்ரோகிராமில் என் கடவுச்சொல் பளிச்சென்று நின்றது. பக்கத்திலேயே நான் ஃப்ளாக்கை ஒளித்த தேயிலை மலைப் படம். அதன் கோப்புப் பெயரைப் பார்த்தேன். கடைசியில் ஜே.பி.ஜி என்று இருந்தது.

நான் செய்தது பி.என்.ஜி.

கோயில் மேட்டில் என்ன செய்தேன் என்று அப்போதுதான் உறைத்தது. ஒலிக்கோப்பும் புரோகிராமும் கேலரியில் வராது, அதனால் டாக்குமென்டாக அனுப்பினேன். படம் கேலரியில் முதலாவதாக நின்றது. அப்படியே தட்டி, ஃபோட்டோவாக அனுப்பிவிட்டேன். வாட்ஸ்அப் அதைச் சின்னதாக்கி, எட்டுக்கு எட்டுக் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்குத் தேவையில்லாத நுணுக்கத்தையெல்லாம் தள்ளிவிட்டு ஜே.பி.ஜி ஆக்கியிருக்கிறது. கடைசி பிட்டுகள்தான் அதில் முதலில் சாகும். சாரும் திறந்து பார்க்காமல் பெயரை மட்டும் மாற்றி அவளிடம் கொடுத்துவிட்டார். அந்தப் படத்தில் இப்போது எதுவுமே இல்லை. பிரம்மாவே வந்தாலும் எடுக்க முடியாது.

இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் மிச்சம் இருந்தது. "சார், கோப்பு மாறிடுச்சு" என்று ஒரு வார்த்தை போதும். வாய் வரைக்கும் வந்தது. அவள் மிக்சர் பொட்டலத்தைப் பிரிக்காமல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். மூன்று வருடத்தில் அவள் நகம் கடித்து நான் பார்த்ததே இல்லை. அந்தக் காட்சி எனக்கு அவ்வளவு இனிப்பாக இருந்தது. தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டேன்.

நேரம் முடிந்ததும் அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "நான் எடுக்கல சார்" என்றாள்.

சாரால் நம்ப முடியவில்லை. "உள்ள நெசமாலுமே இருக்குதா அம்மிணி? நீ எடுத்துக் காட்டு, பாக்கலாம்."

"இருக்கு சார்" என்றேன். குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. என் லேப்டாப்பில் இருந்த அசல் படத்தில் புரோகிராமை ஓட்டினேன். ஃப்ளாக் வந்தது. சார் வாசித்துவிட்டுச் சிரித்தார். "குசும்புதான் உனக்கு. செரி, கொச்சிக்கு நீயே போயிட்டு வா." அவள் எழுந்து வராமல், மேசையில் இருந்தபடியே வயரைச் சுருட்டிப் பையில் வைத்தாள்.

சாயங்காலம் அறைக்கு வந்ததும் அம்மாவுக்கு போன் போட்டேன். அம்மா அழுதுவிட்டாள். நான் சந்தோஷப்பட்டேன் என்றுதான் எழுத வேண்டும், ஆனால் ஏதோ சாக்குச் சொல்லிச் சீக்கிரம் போனை வைத்துவிட்டேன். ஃபர்ஸானா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ரோலர் சத்தத்துல ஒளிச்சியே, சூப்பர் புள்ள" என்றாள். "எனக்கு அது தோணியே இருக்காது."

"படத்துலதான கோட்ட விட்ட" என்றேன். என் நாக்குக்கு ஏது நரம்பு?

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. "படத்துல ஒண்ணுமே இல்லையே. உன் புரோகிராம் பி.என்.ஜி எழுதுது. எனக்கு வந்தது ஜே.பி.ஜி. அகலம் ஆயிரத்து அறுநூறு, வாட்ஸ்அப் சுருக்கற அளவு. கடைசி பிட்ட மட்டும் தனியா எடுத்துப் பாத்தா எட்டுக்கு எட்டுக் கட்டம் தெரியுது. சரி, ஒருவேளை ஜே.பி.ஜிக்குள்ளயே வேற விதமா ஒளிச்சிருப்பியோன்னு உன் பாஸ்வேர்டப் போட்டு ஸ்டெக்ஹைடும் ஓட்டினேன். கோப்பு முடிஞ்ச இடத்துக்குப் பின்னால ஏதாச்சும் ஒட்டியிருக்கான்னும் பாத்தேன். இல்ல. வாட்ஸ்அப்புல வந்துருக்குன்னு ரெண்டாவது மணி நேரமே தெரியும்."

"பின்ன ஏன்டி சார்கிட்ட சொல்லல?"

"நீ தண்ணி குடிக்க வந்தப்ப பாத்தியே. உன் மூஞ்சி மாறுச்சு. நீயே சொல்லுவேன்னு இருந்தேன்." ஒரு சுடிதாரை உதறினாள். "சொல்லல. உனக்கு அவ்வளவு வேணுமாட்ட இருக்குது, போகட்டும்னு விட்டுட்டேன். போயிட்டு வா புள்ள."

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சாரிடம் போட்டுக் கொடுத்திருந்தால், பொய் சொல்கிறாள் என்று சாதித்திருப்பேன். போயிட்டு வா என்கிறாள்! பழைய சுடிதாரைக் கொடுப்பது போலக் கொடுக்கிறாள். கொச்சியில் நான் உட்காரப் போவது அவள் போட்ட பிச்சையில். ஜெயித்தாலும் அது அவள் ஜெயித்தது. இப்படி ஒரு இடத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

நல்லவளாகி ஒன்றும் போனை எடுக்கவில்லை. பொறுக்காமல்தான் எடுத்தேன். கோபிநாத் சாருக்கு எழுதினேன்: "சார், ஃபர்ஸானாவுக்குப் போன படம் கெட்டுப்போனது. என் தப்பு. போட்டி முடியும் முன்னாடியே எனக்குத் தெரியும். சொல்லவில்லை. அசலையும் கெட்டதையும் அனுப்பியிருக்கிறேன், நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். அவள்தான் போக வேண்டும்." இரண்டு படத்தையும் சேர்த்தேன். இந்தத் தடவை டாக்குமென்டாக.

டிக் நீலமாகும் வரை அசையவில்லை. பிறகு அவளிடம் போனை நீட்டினேன். வாசித்தாள். லேப்டாப்பைத் திறந்தாள்.

"அந்த அசல எனக்கும் குடு. பாதில நிக்குது, முடிச்சுடறேன்."

அப்போதுதான் உள்ளே என்ன எழுதியிருக்கிறேன் என்பது நினைவுக்கு வந்தது. மாற்றி எழுத ஒரு நிமிடம் ஆகாது. வேறு ஏதாவது நல்ல வரியைப் போட்டு, புரோகிராமை ஓட்டி, புதுப் படத்தைக் கொடுத்துவிடலாம். அவளுக்குத் தெரியவே தெரியாது. பென்டிரைவில் அசலையே போட்டுக் கொடுத்தேன்.

அவள் கடவுச்சொல்லை அடித்தாள். திரையில் அந்த வரி வந்தது. இது உனக்கு வராது. மெதுவாக, எழுத்துக்கூட்டி வாசித்தாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"வந்துருச்சு புள்ள" என்றாள். சிரிக்கவில்லை.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று உள்ளே ஒருத்தி சொல்லிக்கொண்டேதான் இருந்தாள். ஆனால் சுவர்க் கடிகாரத்தில்தான் என் கண் இருந்தது. நாற்பது வினாடியில் எடுத்துவிட்டாள். சார் முன்னால் எனக்கு அதை எடுத்துக் காட்டவே இரண்டு நிமிடம் ஆகியிருந்தது.