எட்டரைக்கு ஒருத்தி, பத்து மணிக்கு எல்லோரும்

மூன்று வாரமாக அண்ணியின் வாய்க்குப் பூட்டு.

அந்தக் கம்பெனியில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. அவள் கணவனின் தங்கை அங்கேயே தொலைபேசிப் பிரிவில் சூப்பர்வைசர். அவள் வாய்க்கு வாய் "அண்ணி, அண்ணி" என்று கூப்பிடப்போய், வெல்டிங் பட்டறையிலிருந்து வாசல் காவலர் வரைக்கும் எல்லோருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். முதலாளி மட்டும் "ஏம்மா" என்பார். கோபம் வந்தால் "மேடம்".

ஆஸ்பத்திரிக் கட்டில் செய்து, கொண்டுபோய்ப் பொருத்தி, கோளாறு வந்தால் சரிசெய்து தருகிற கம்பெனி அது. ஆளெடுப்பது, விடுப்பு, இடமாற்றம், சண்டை சச்சரவு என்று ஊழியர் சம்பந்தப்பட்டது எல்லாம் அண்ணியின் தலையில். இப்போது புதிதாக ஒன்று. பொருத்தும் பிரிவு, ரிப்பேர் பிரிவு, தொலைபேசிப் பிரிவு மூன்றையும் கலைத்து, ஊரை மூன்று ஏரியாவாகப் பிரித்து, ஏரியாவுக்கு ஒரு குழு என்று அமைக்கப் போகிறார்கள். முப்பத்தாறு பேரின் வேலை மாறும். அதை அவர்களுக்குச் சொல்ல வேண்டியவள் அண்ணி.

அந்த முப்பத்தாறில் ஒருத்தி சின்னவள், அதாவது நாத்தனார். தொலைபேசிப் பிரிவே இல்லையென்றால் அதற்கு சூப்பர்வைசர் எதற்கு? அந்தப் பதவி போகிறது. சம்பளம் குறையாது. ஆனால் இத்தனை நாள் தனக்குக் கீழே இருந்த இரண்டு பெண்களோடு சரிக்குச் சமமாக, ஓர் ஏரியாவுக்கு வேலை பங்கிட்டுக் கொடுக்கிறவளாக உட்கார வேண்டும். சின்னவளின் விஷயத்தை முடிவு செய்த அன்று, சொந்தக்காரி இருக்கக் கூடாது என்று அண்ணி தானே எழுந்து வெளியே போய் நின்றாள். முடிவு முதலாளியுடையது. மறைக்கிற பாவம் மட்டும் இவளுடையது.

கல்யாணம் சரிப்படாமல் அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தவள் சின்னவள். வந்த புதிதில் அறையை விட்டு வெளியே வரமாட்டாள். அண்ணிதான் வம்பாக இழுத்துக்கொண்டு போய் வேலையில் சேர்த்தாள். ஆறு வருஷத்தில் சூப்பர்வைசர் ஆனது மட்டும் சின்னவளே சம்பாதித்தது. அந்த வீட்டில் அண்ணிக்கு மனம்விட்டுப் பேச இருக்கிற ஒரே ஆளும் அவள்தான். கணவன் நல்லவன், ஆனால் எதைச் சொன்னாலும் "ம்" என்பதோடு சரி.

"என்ன அண்ணி, முதலாளி ரூமே கதின்னு கிடக்கிறீங்க? ஏதாவது விசேஷமா?" என்று காலையில் தலை சீவிக்கொண்டே கேட்பாள் சின்னவள்.

"வருஷக் கடைசி ஃபைல் எல்லாம் கிடக்குடி."

"வருஷம் முடிய இன்னும் ஆறு மாசம் இருக்கே."

"அதான் இப்பவே ஆரம்பிச்சுட்டோம்."

பொய் சொல்ல அண்ணிக்கு வராது. சொன்னால் காது சிவந்துவிடும். மூன்று வாரமும் முடியை இறக்கிக் காதை மூடியே வாரிக்கொண்டாள். வீட்டிலேயே சொல்லிவிட்டால் என்ன என்று எத்தனையோ தடவை நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் ஒருத்திக்குச் சொன்னால் அது ஒருத்தியோடு நிற்காது. மதியத்துக்குள் கண் காது மூக்கு வைத்துக்கொண்டு பட்டறை முழுக்க நடமாடும். மற்ற முப்பத்தைந்து பேர் காற்றுவாக்கில் கேட்டுப் பதற, இவள் நாத்தனார் மட்டும் நிம்மதியாக இருக்கலாமா? மென்று விழுங்கினாள்.

இதற்கு நடுவே முதலாளியோடு ஒரு மல்லுக்கட்டு. அறிவிப்பை அவரே எழுதிக் கொண்டுவந்தார். மூன்று பக்கம். வளர்ச்சி, தொலைநோக்கு, புதிய பாதை என்று வழவழா கொழகொழாவென்று போனது. முப்பத்தாறு பேருக்கு நாளைக்கு என்ன நடக்கும் என்று தேடினால் மூன்றாம் பக்கத்துக் கடைசியில் ஒரு வரி இருந்தது: "இப்போதைக்கு யாருக்கும் வேலை போகாது."

"இந்த 'இப்போதைக்கு' வேண்டாம் சார்."

"ஏம்மா, நாளைக்கு என்ன ஆகும்னு எனக்கு மட்டும் தெரியுமா? காலத்துக்கும் உத்தரவாதம் குடுக்க முடியுமா?"

"காலத்துக்கும் கேக்கல. எதுவரைக்கும் உங்களால சொல்ல முடியுமோ அந்தத் தேதியைச் சொல்லுங்க. 'இப்போதைக்கு'ன்னா ஆளுக்கு ஒரு தேதி நினைச்சுக்குவாங்க. பாதிப் பேர் நாளைக்கேன்னு நினைப்பாங்க."

"மேடம்..."

மேடம் அசையவில்லை. இரண்டு நாள் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, மூன்றாம் நாள் முதலாளி அடுத்த மார்ச் முப்பத்தொன்று என்றார். அதற்குப் பிறகு ஏதாவது மாற்றம் என்றால் பிப்ரவரி முதல் தேதிக்குள் சொல்லிவிட வேண்டும் என்பதையும் அண்ணி சேர்த்துக்கொண்டாள். முப்பத்தாறு பேருக்கும் தனித்தனிக் கடிதம் அடித்து, எல்லாவற்றிலும் அவரிடம் கையெழுத்து வாங்கினாள்.

மற்ற இரண்டு பிரிவுத் தலைவர்களுக்கும் வெள்ளிக்கிழமை மாலை சொல்லியாயிற்று. திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்குச் சின்னவள். பதவி போகிறவள் அதைக் கூட்டத்தில் நின்று கேட்கக் கூடாது என்பதில் அண்ணி உறுதியாக இருந்தாள்.

அறையில் முதலாளியும் இருந்தார். ஆரம்பிக்கிறேன் என்று வாயைத் திறந்தார், இருமல்தான் வந்தது. அண்ணியைப் பார்த்தார். அண்ணி சுற்றி வளைக்காமல் சொன்னாள். என்ன மாறுகிறது, ஏன், எப்போதிலிருந்து, சம்பளமும் நேரமும் விடுப்பும் மாறாது, இதோ கடிதம்.

சின்னவள் கடிதத்தை முழுதாகப் படித்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"நான் வேலையில ஏதாவது தப்பு பண்ணினேனா சார்?"

"இல்லம்மா, இல்ல," என்றார் முதலாளி. இந்தத் தடவை இருமல் வரவில்லை. "நீ நல்லா பண்ணின. பிரிவுதான் இல்லாம போகுது."

"எப்போ முடிவாச்சு?"

"மூணு வாரம் ஆச்சு," என்றாள் அண்ணி.

சின்னவள் அவளைப் பார்த்த பார்வையை அண்ணியால் தாங்க முடியவில்லை. கடிதத்தை இரண்டாக மடித்துக்கொண்டு அவள் எழுந்து போனாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்தியதுதான் அண்ணிக்கு இன்னும் வலித்தது. ஒரே ஒரு சிநேகிதியையும் தொலைத்துவிட்டோம் என்று அங்கேயே அழுகை வந்தது. அழ நேரமில்லை. ஒன்பது மணிக்குச் சின்னவளின் கீழே இருந்த இரண்டு பெண்களிடமும் பேச வேண்டும்.

பத்து மணிக்குக் கட்டில் பூட்டுகிற கூடத்தில் எல்லோரும் கூடினார்கள். பாதி பூட்டிய கட்டில்களின் மேல் சிலர் உட்கார்ந்துகொண்டார்கள். முதலாளி இரண்டு நிமிஷம் பேசி, அண்ணியிடம் விட்டார்.

அண்ணி காரணத்திலிருந்து தொடங்கினாள். போன மாதம் ஓர் ஆஸ்பத்திரியில் கட்டிலின் தலைப்பக்கம் மேலே எழும்பவில்லை. ரிப்பேர் பிரிவைக் கேட்டால், பொருத்தி ஒரு மாதம்கூட ஆகவில்லை, பொருத்தினவர்கள் பார்க்கட்டும் என்றார்கள். பொருத்தினவர்களைக் கேட்டால் எங்கள் வேலை முடிந்தது என்றார்கள். ஒன்பது நாள். அந்த நோயாளிக்கு நர்ஸ் தலையணையை அடுக்கி அடுக்கி முட்டுக்கொடுத்தார். அந்த ஆஸ்பத்திரி அடுத்த அறுபது கட்டிலை வேறு கம்பெனியில் வாங்கிவிட்டது.

"இது உங்க யாரோட தப்பும் இல்ல. நாங்க கோடு போட்டு வச்ச விதம் தப்பு. இனிமே அந்த ஏரியாவுல எந்தக் கட்டில் கோளாறானாலும் அந்தக் குழுவோட பொறுப்பு."

பிறகு தேதிகள். இன்றே கையில் கடிதம், மார்ச் முப்பத்தொன்று வரை யாருக்கும் வேலை போகாது என்று. இந்த வாரம் முழுக்க ஒவ்வொருவரோடும் தனியாகப் பேச்சு. போட்டிருக்கும் ஏரியா ஒத்துவராதவர்கள் காரணத்தோடு வெள்ளிக்கிழமைக்குள் எழுதித் தரலாம். அடுத்த மாதம் ஒன்றாம் தேதி புதுக் குழுக்கள் தொடங்கும். முதல் இரண்டு வாரம் பழைய தொலைபேசி எண்ணும் வேலை செய்யும்.

"மூணாவது ஏரியாவுக்குத் தலைவர் யாரு?" என்று ஒரு குரல்.

"தெரியாது. இன்னும் முடிவாகல. இருபதாம் தேதிக்குள்ள சொல்றேன்."

தெரியாது என்று ஒரு மேனேஜர் சொல்லி அவர்கள் கேட்டதில்லை. கூடம் கொஞ்சம் இளகியது. ஆனால் ரிப்பேர் பிரிவின் மீசைக்காரர் விடுகிற ஆள் இல்லை.

"நாலு வருஷம் முன்னாடியும் யாருக்கும் எந்த மாற்றமும் இல்லன்னு நோட்டீஸ் ஒட்டினீங்க. நாலே மாசத்துல பதினோரு பேரு வீட்டுக்குப் போனாங்க. இப்ப மார்ச்சுங்கிறீங்க. எதை நம்பறது?" அதோடு நிறுத்தியிருக்கலாம். "அண்ணிக்கு என்ன, நாத்தனாருக்கு முன்னாடியே சொல்லி நல்ல இடமாப் பாத்து ஒதுக்கி வச்சிருப்பாங்க. எங்களுக்குத்தான் கூட்டம்."

சிரிப்பு எழுந்தது. நல்ல சிரிப்பு இல்லை. அண்ணி பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் பின்னாலிருந்து சின்னவள் எழுந்து நின்றாள்.

"எனக்கு இன்னிக்குக் காலைல எட்டரைக்குத்தான் தெரியும். சூப்பர்வைசர் வேலை போச்சு. வேணும்னா கடிதத்தைப் பாருங்க." கடிதத்தைத் தூக்கிக் காட்டினாள். "மூணு வாரமா ஒரே வீட்டுல இருக்கோம். ஒரே பஸ்ல வர்றோம். ஒரு வார்த்தை சொல்லல இவங்க. எனக்கு வர்ற ஆத்திரத்துக்கு அளவே இல்ல. ஆனா உங்களுக்கு ஒரு கணக்கு, எனக்கு ஒரு கணக்குன்னு வைக்கல பாத்தீங்களா, அதை நம்பலாம். நான் நம்பறேன்."

யாரும் சிரிக்கவில்லை. மீசைக்காரர் தன் கடிதத்தைப் பிரித்து, கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, "சரி, ஒண்ணாம் தேதி வண்டி யாருக்கு?" என்றார். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் வண்டி, சாவி, கருவிப் பெட்டி பற்றிய கேள்விகள். வண்டியைப் பற்றிக் கேட்கத் தொடங்கிவிட்டால் ஆட்கள் வேலைக்கு வரப்போகிறார்கள் என்று அர்த்தம். முதலாளி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

மாலையில் சின்னவள் பஸ்ஸில் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். நாலு நிறுத்தம் போனது. அண்ணி மெதுவாக, "என்னை மன்னிச்சுடுடி," என்றாள்.

"மாட்டேன். ரெண்டு நாளாவது கோவமா இருப்பேன்."

"சரி."

இன்னும் ஒரு நிறுத்தம் போனது. சின்னவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "என்னை ஏரியா ரெண்டுல போட்டிருக்காங்க. எனக்கு வேற ஏரியா வேணும். நாளைக்கே எழுதித் தரேன்."

"ஏன், பஸ் தூரமா?"

"அங்க ஒருத்தர் இருக்கார். ரிப்பேர்ல. நெட்டையா, பேசவே மாட்டாரே, அவர். அவருக்கே நான் வேலை பங்கு போட்டுக் குடுத்தா நல்லா இருக்காதுல்ல."

அண்ணிக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் மடியிலிருந்த பை நழுவியது. "எவ்வளவு நாளா?"

"ஆறு மாசமா. உங்களுக்கு மூணு வாரம்தான், எனக்கு ஆறு மாசம். யாருகிட்டயும் சொல்லல. சொன்னா வெளிய விடாம வச்சுக்குவாங்களான்னு பயம். உங்க வாய் எப்படிப்பட்டதுன்னு இன்னிக்குப் பாத்தேன்." இப்போதுதான் திரும்பினாள். கண்ணெல்லாம் தண்ணீர், முகமெல்லாம் சிரிப்பு. "அண்ணன்கிட்ட நீங்கதான் சொல்லணும் அண்ணி. ஏன், எப்போ, யாருக்கு என்ன மாறும், எல்லாம் வரிசையா. எனக்கு இருமல்தான் வரும்."

அண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போனது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. "ஞாயித்துக்கிழமை காலைல," என்றாள் அண்ணி கடைசியில். "முதல்ல உங்க அண்ணன்கிட்ட தனியா சொல்லிடுவோம். 'ம்'னுதான் சொல்லுவார். அப்புறம் எல்லாரையும் உக்கார வச்சுக்கலாம்."