ரேடியோ குறட்டை விட்டாள்

இதயத்துக்குள் குழாய் விட்டுச் சிகிச்சை செய்யும் எங்கள் கேத் லேபில் அவளுக்கு நான் வைத்த பெயர் ரேடியோ. இதயத்தின் மேலறைகளுக்கு நடுச்சுவரில் ஓட்டை. தொடை வழியாகக் குழாய் விட்டுக் குடைபோன்ற ஒரு சாதனத்தால் அடைப்பதாக இருந்தது. படுத்ததிலிருந்து ஓயாத பேச்சு. பொறுக்க முடியாமல் மயக்க மருத்துவர் இன்னொரு டோஸ் ஏற்றினார். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

வெளியே அவளுடைய அண்ணன் காத்திருந்தார். அவருக்குக் கீழறைச் சுவரில் பெரிய ஓட்டை. சிறுவயதில் யாரும் கவனிக்கவில்லை. இடப்பக்க ரத்தம் வலப்பக்கம் பாய்ந்து, வருஷக்கணக்கில் நுரையீரல் குழாய்களைத் தடிக்க வைத்தது. அங்கே அழுத்தம் ஏறிப் பாய்ச்சல் திசைமாறிவிட்டது. அதனால்தான் அவர் உதடு நீலம். இனி ஓட்டையை அடைத்தால் வலப்பக்க இதயத்துக்கு வேறு வடிகாலே கிடையாது, தடித்த நுரையீரலோடு முட்டி மோதியே ஓய்ந்துவிடும்.

தங்கைக்கும் அதே கதிதானோ என்பதுதான் எங்கள் பயம். திரையில் ஆக்ஸிஜன் எண்பத்தெட்டுக்கு இறங்கியது. நுரையீரல் அழுத்தமும் ஏறியிருந்தது.

"பாய்ச்சல் திரும்பிடுச்சு மேடம். அண்ணன் மாதிரியே," என்றார் மயக்க மருத்துவர். "அடைக்க வேணாம், குழாயை எடுத்துடலாம்."

இருந்தாலும் ஆராயாமல் கைகழுவும் பழக்கம் எனக்கில்லை. ஓட்டை வழியாகவே குழாயை இடப்பக்கம் தள்ளி, நுரையீரலிலிருந்து ரத்தம் வந்துசேரும் நாளத்தில் சாம்பிள் எடுத்தேன். திசை மாறியிருந்தாலும் அங்கே தொண்ணூற்றெட்டாவது இருக்க வேண்டும். அழுக்கு ரத்தம் கலப்பது அதைத் தாண்டித்தான். வந்ததோ எண்பத்தேழு.

அப்போதுதான் குறட்டை காதில் விழுந்தது.

"யோவ், அவ மூச்சே சரியா விடல! தாடையைத் தூக்குய்யா!" என்று மயக்க மருத்துவரிடம் கத்தினேன்.

பாவம் ஓரிடம், பழி ஓரிடம். மருந்து கூடி மூச்சுப்பாதை அடைபட்டதில்தான் ஆக்ஸிஜன் இறங்கி, அதனாலேயே நுரையீரல் அழுத்தமும் ஏறியிருந்தது. மருந்து குறைந்து, நன்றாக மூச்சு விட்டதும் எல்லாவற்றையும் மறுபடி அளந்தோம். நாளத்தில் தொண்ணூற்றொன்பது, உடம்புக்குப் போகும் ரத்தத்தில் தொண்ணூற்றேழு. அழுத்தம் இறங்கியது. பாய்ச்சல் இடமிருந்து வலமாகத்தான், உடம்புக்குப் போவதைப்போல் நுரையீரலுக்கு இரண்டு மடங்கு. தாராளமாக அடைக்கலாம். அடைத்தோம்.

"முடிஞ்சிருச்சா? நான் எதுவரைக்கும் சொன்னேன்?" என்றாள் ரேடியோ.

வெளியே வந்து நடந்ததைச் சொன்னேன். அண்ணன் மூச்சு வாங்கச் சிரித்தார்.

"அவளை வாயடைக்கப் பாத்தா இப்படித்தான் டாக்டர்!" பிறகு தயங்கினார். "எனக்கும் அந்த மாதிரி... தப்பா அளந்திருக்க வாய்ப்பிருக்கா?"

"இல்லைங்க. உங்களை முழிச்சிருக்கும்போதே அளந்தோம். ஆக்ஸிஜன் குடுத்தும் பாத்தோம். அழுத்தம் அசையல."

"தெரியும் டாக்டர். கேக்காம வந்தா தங்கச்சி திட்டுவா."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவளைப் பார்க்க எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கேட்டார்.