தயார் என்றால் என்ன

என் வீட்டுக்காரரைப் போல் கேள்வி கேட்க ஆள் கிடையாது என்று நானே ஊர் முழுக்கத் தம்பட்டம் அடித்திருக்கிறேன். இப்போது அதை நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

நாங்கள் இருவரும் ஒரே மருத்துவமனையில், ஒரே பிரிவில் இயன்முறை சிகிச்சையாளர்கள். பக்கவாதம் வந்தவர்களையும் இடுப்பு முறிந்தவர்களையும் மறுபடி நடக்கவைப்பது எங்கள் வேலை. பிரிவுக்கு நான் பொறுப்பு. அவர் எனக்கு அடுத்த இடத்தில். வீட்டில் இந்த வரிசை தலைகீழ் என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பதை நான் இதுவரை கெடுத்ததில்லை.

கல்லூரியில் அவர் விவாதப் போட்டிகளில் கோப்பை கோப்பையாக வாங்கிக் குவித்தவர். எந்தத் தரப்பைக் கொடுத்தாலும் ஜெயிப்பார். காலையில் ஒன்றை அடித்து நொறுக்கிவிட்டு, மாலையில் அதையே தூக்கி வைத்துக் கொண்டாடுவார். கல்யாணமான புதிதில் ஒருநாள், "ஜெயிச்சேனே தவிர ஒண்ணும் தெரிஞ்சுக்கல" என்று அவராகவே சொன்னார். அதற்கப்புறம்தான் எங்கள் பிரிவிலும் வீட்டிலும் 'கேள்வி மேசை' வந்தது. சாக்ரட்டீஸ் காலத்து முறை என்று அவர் சொல்வார். நாங்கள் அதை மேசை என்றே சொல்வோம்.

மேசையில் ஒருவர் தான் நிஜமாக நம்புவதைச் சொல்ல வேண்டும். மற்றவர் கேள்வி மட்டும் கேட்கலாம். எதிர்க்கருத்து சொல்லக் கூடாது. விடையை மடியில் கட்டிக்கொண்டு கேட்கவும் கூடாது. கேட்பவர், தான் புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்வார். "ஆமா, அதைத்தான் சொன்னேன்" என்று பதில் வந்த பிறகே அடுத்த கேள்வி. சொன்னதை எப்போது வேண்டுமானாலும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், யாரும் சிரிக்க மாட்டார்கள். கடைசியில் "எனக்குத் தெரியல" என்று முடிந்தால் அது நல்ல மேசை. விவாதத்தில் அந்த ஒரு வார்த்தை வாயில் வந்தால் ஆட்டம் காலி. மேசையில் அங்கிருந்துதான் வேலையே ஆரம்பம்.

பிரச்சினை என்னுடைய 'தனி நடை'யால் வந்தது. தினமும் காலை, நீளமான நடைகூடத்தில் சிலரை யாரும் பிடிக்காமல் நடக்கவிடுவேன். பிடித்துக்கொள்ள இடுப்பில் பட்டை கிடையாது. நாங்கள் ஒரு அடி பின்னால் வருவோம், அவ்வளவுதான். லாரி ஓட்டுநர் ஒருவர் இருந்தார், பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துபோய் வந்தவர். முதல் தடவை தனியாக எட்டு வைத்தபோது, "யம்மா, வண்டி கியர்ல விழுந்துடுச்சு" என்று கத்தினார். அந்த முகத்துக்காகத்தான் நான் இந்த வேலையில் இருக்கிறேன். ஆனால் போன வாரம் தையல்காரர் ஒருவர் தனி நடையில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். தனி நடை இருக்கட்டுமா, ஒழியட்டுமா என்று முடிவு செய்ய இயக்குநர் கூட்டம் போட்டார்.

கூட்டத்துக்கு முந்தின நாள் மாலை. நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் பாத்திரம் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"மேசை போடலாமா?"

"போடுங்க. நாளைக்கு எனக்கும் உதவும்."

"யாரைத் தனியா விடுவே?"

"தயாரா இருக்கறவங்கள மட்டும்."

"தயார்னா என்ன?"

"பத்து மீட்டர் விழாம நடக்கறது."

"தையல்காரர் நடந்தாரா?"

"எத்தனையோ தடவை. பிடிச்சுக்கிட்டும் நடந்தாரு, பிடிக்காமலும் நடந்தாரு."

"அப்ப அவர் தயாரா இருந்தார்னு சொல்றே. அப்படித்தானே?"

கத்தியைக் கீழே வைத்தேன். "இல்ல, அதை வாபஸ் வாங்கிக்கறேன். விழாம நடக்கறது மட்டும் தயார் இல்ல. தடுமாறினா தானே சமாளிச்சுக்கத் தெரியணும். அதான் தயார்."

"சமாளிக்கத் தெரிஞ்சவங்களத்தான் தனியா விடுவே. சரியா சொன்னேனா?"

"ஆமா, அதைத்தான் சொன்னேன்."

"ஒருத்தருக்குச் சமாளிக்கத் தெரியும்னு எப்படிக் கண்டுபிடிப்பே?"

"நாம பிடிச்சுக்கிட்டிருந்தா அவங்க தடுமாறவே மாட்டாங்களே. பிடிய விட்டாத்தான் தெரியும்."

அவர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "தயாரா இருக்கறவங்களத்தான் தனியா விடணும். தனியா விட்டாத்தான் தயாரான்னு தெரியும். ரெண்டும் நீ சொன்னது."

இரண்டும் உண்மையென்றால் யாரையும் முதல் எட்டு வைக்கவே விட முடியாது. ஆனால் தினமும் விடுகிறேனே!

"எனக்குத் தெரியல" என்றேன். சொல்லிவிட்டுச் சிரித்தேன், அவ்வளவு சந்தோஷம். பல வருஷமாக 'தயார், தயார்' என்று சொல்லிக்கொண்டு திரிந்த வார்த்தைக்குள் ஒன்றுமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. இரண்டில் ஏதோ ஒன்று தப்பு. ஒருவேளை முதலாவது, தயார் என்பது முன்னாடியே இருக்கிற ஒன்றல்ல, கொஞ்சம் கொஞ்சமாகப் பிடியைத் தளர்த்தும்போதே உண்டாவதோ என்னவோ. ஒருவேளை இரண்டாவது, விழாதபடி மேலேயிருந்து தொங்கும் கயிற்றுப் பட்டையில் மாட்டி, தோளில் லேசாகத் தள்ளிப் பார்த்தாலே சமாளிப்பது தெரிந்துவிடுமோ. "எது தப்புன்னு பாத்துடலாம், கேளுங்க" என்றேன்.

"நாளைக்குப் பாத்துக்கலாம். களைப்பா இருக்கு" என்றார்.

நம்பினேன், அடி முட்டாள்.

மறுநாள் கூட்டத்தில் நான் தனி நடையைப் பற்றிப் பேசி உட்கார்ந்தேன். மறுப்புத் தரப்பைச் சொல்ல என் வீட்டுக்காரர் எழுந்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். கோப்பை வாங்கிய காலத்துப் புகைப்படங்களில் அவர் நிற்கும் விதம் அது.

"பிரிவுப் பொறுப்பாளர்கிட்ட ஒரே ஒரு கேள்வி. யார் தயார்னு உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேட்டப்போ, 'எனக்குத் தெரியல'ன்னு சொன்னீங்களா, இல்லையா?"

கல்யாணமானதிலிருந்து அவர் என்னை 'நீங்க' என்று சொன்னதில்லை. முதலில் அதுதான் சுருக்கென்று தைத்தது. பிறகுதான் கேள்வியே காதில் விழுந்தது.

"சொன்னேன், ஆனா..."

"நன்றி. யார் தயார்னு தெரியாமலேயே இவங்க நோயாளிகளைத் தனியா விட்டுக்கிட்டிருக்காங்க. இதுக்கு மேல நான் என்ன சொல்ல?"

அறை முழுக்கத் தலைகள் ஆடின. நான் எழுந்துவிட்டேன்.

"நான் அதைச் சொல்லல. நான் நம்புற ரெண்டு விஷயம் ஒண்ணோட ஒண்ணு சேராதுன்னு கண்டுபிடிச்சோம். ரெண்டுல ஒண்ணு தப்புன்னு மட்டும்தான் அதுக்கு அர்த்தம். எது தப்புன்னு நாங்க இன்னும் பாக்கவே இல்ல. இவரு தனக்குத் தோதான ஒண்ண எடுத்துக்கிட்டு, தனி நடையே தப்புன்னு முடிச்சுட்டாரு. நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்க, சரியா சொல்றாரான்னு பாக்கலாம்."

"இது கேள்வி மேசை இல்ல" என்றார் அவர், சிரித்த முகமாக. "சரி, எது தப்புன்னு இன்னைக்காவது தெரியுமா? ஆமாவா, இல்லையா?"

தெரியாது என்பதுதான் உண்மை. அதைச் சொன்னால் செத்தேன். சொல்லாமல் நின்றேன், அதற்கும் செத்தேன்.

இயக்குநர் நல்ல மனுஷன், விவரம் தெரியாமல் வாயைவிட்டார். "கோவிச்சுக்காதீங்கம்மா. ரெண்டு பக்கமும் கேக்கணும்னு நான்தான் திங்கக்கிழமையே இவரை மறுப்புப் பேசச் சொன்னேன். 'குறிப்புக்கு வெளிய அலைய வேண்டாம் சார், வீட்லயே கிடைக்கும்'னாரு."

திங்கள்கிழமை. வெங்காயம் நறுக்கியது புதன்கிழமை. ஆக, "தயார்னா என்ன?" என்று அவர் கேட்டபோது, தயார் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள அவருக்கு ஆசையே இல்லை. நான் ஒவ்வொரு அடியாக இறங்கிக்கொண்டிருந்தேன், அவர் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். களைப்பும் பொய். அடுத்த கேள்வியைக் கேட்டால் எனக்கு விடை கிடைத்துவிடும் என்று பயந்துதான் நிறுத்தியிருக்கிறார். மனிதர்களை நடக்கவைத்துச் சம்பளம் வாங்குகிறவர், கட்டினவளின் காலை வாரிவிட்டார்.

என் நாக்கு நுனியிலும் ஒன்று இருந்தது. ஆறேழு மாதத்துக்கு முன் மேசையில் நான் கேட்டு அவர் சொன்னது: "நான் நோயாளிய இறுக்கிப் பிடிக்கறது அவங்க விழக் கூடாதுன்னா, என் பேர் கெடக் கூடாதுன்னா? எனக்கே தெரியல." அந்த அறையில் அதை ஒரே ஒரு முறை சொன்னால் போதும், அவர் எழுந்திருக்கவே முடியாது. அவருக்கும் அது தெரியும். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், முதல் முறையாகச் சிரிப்பு இல்லாமல்.

நான் சொல்லவில்லை. பெருந்தன்மை என்று யாரும் நினைக்க வேண்டாம், எனக்கு அவரை அறைய வேண்டும்போல்தான் இருந்தது. அதைச் சொன்னால் எங்கள் கேள்வி மேசையில் இதுவரை நாங்கள் பேசியதெல்லாம் வேவு பார்த்ததாகிவிடும் என்று தோன்றியது. உட்கார்ந்துவிட்டேன்.

தனி நடை நின்றது. இனி எல்லோருக்கும் இடுப்பில் பட்டை, பட்டையில் ஒருவர் கை.

வீட்டுக்கு வந்ததும் அவர் சமாதானத்துக்கு வந்தார். "எனக்குக் கொடுத்த தரப்பை நான் பேசினேன். அவ்வளவுதானே? இதுல சொந்த விஷயம் என்ன இருக்கு? கோவமா?"

"நீங்க கேக்கறது தெரிஞ்சுக்கறதுக்கா, குறிச்சு வெச்சுக்கறதுக்கா?"

அவர் தட்டை எடுத்து வைத்தார். சாப்பிடும்போது உப்பு போதுமா என்று கேட்டார். அதற்குக்கூட என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். உப்புக்கு வந்த கதி இது!

மறுநாள் காலை லாரி ஓட்டுநர் இடுப்புப் பட்டையைப் பார்த்ததும் முகத்தைச் சுருக்கினார். நான் பட்டையைக் கட்டி, பிடித்துக்கொண்டேன். நாலு எட்டு நடந்ததும் நின்றார்.

"ஏம்மா, போன வாரம் நான் தனியாத்தானே நடந்தேன்? இப்ப நான் தயாரா இல்லையா?"

அப்படி ஒரு நேரான கேள்வி. தெரிந்துகொள்வதற்காகவே கேட்ட கேள்வி. இதற்கு நான் எப்போதும் சொல்கிற பதில், "எனக்கும் சரியாத் தெரியலண்ணே, வாங்க, சேர்ந்து பாத்துடலாம்" என்பதுதான். அதைச் சொல்லித்தான் ஒவ்வொருவரையும் முதல் எட்டுக்குக் கூட்டிப்போயிருக்கிறேன்.

வாயெடுத்தேன். அதற்குள் என் தலை தானாகத் திரும்பியது. நடைகூடத்தின் அந்தக் கோடியில் என் வீட்டுக்காரர் வேறொரு நோயாளியின் பட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தார். எங்கள் பக்கம் பார்க்கக்கூட இல்லை.

"இல்லண்ணே, நீங்க தயார் இல்ல. எனக்குத் தெரியும்" என்றேன்.

ஓட்டுநர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தலையாட்டிவிட்டு, இடது கையால் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.