ஒன்றரை மணிக்கு வரட்டுமாக்கா?

ஏப்ரல் மாதம் வந்தால் எனக்கு இரண்டு தலைவலி. ஒன்று வெயில். இன்னொன்று பல்கலைக்கழகத் தேர்வு. நான் தேர்வு எழுதுகிற வயதைத் தாண்டி வெகுகாலம் ஆகிறது, என் மகன் இன்னும் பள்ளிக்கூடம்தான். ஆனாலும் கள்ளக்குறிச்சியில் எந்தக் கல்லூரியில் எந்தத் தேதிக்கு எந்தத் தாள் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். துருகம் சாலையில் இருக்கும் எங்கள் சூப்பர் மார்க்கெட்டில் யார் எப்போது பில் போடுவது என்று வேலை அட்டவணை எழுதுகிறவள் நான்தான்.

பில் போடுகிறவர்களில் மூன்று பேர் கல்லூரி மாணவர்கள். சந்தியா, கவியரசன், அருள்மொழி. மூவரும் ஒரே கல்லூரி, வேறு வேறு வகுப்பு. படித்துக்கொண்டே பகுதி நேர வேலை பார்க்கக் கல்லூரி அனுமதி கொடுத்திருக்கிறது. சும்மா கொடுக்கவில்லை. திங்கள் முதல் ஞாயிறு வரை ஒருவர் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. மேலே போனால் அந்த மாணவரின் அனுமதி ரத்து, கடைக்கும் மறு வருடம் ஆள் கிடையாது. அட்டவணையை முன்கூட்டியே வெங்கடேசன் சாருக்கு அனுப்பிவிட வேண்டும். அவர்தான் கல்லூரியில் இதைப் பார்த்துக்கொள்கிற பேராசிரியர். இடையில் ஏதாவது மாற்றினால் ஷிப்ட் தொடங்கும் முன்பே காரணத்தோடு முதலாளியின் போன் எண்ணிலிருந்து செய்தி போக வேண்டும்.

தேர்வு நாளில் யாருக்கும் வேலை போடுவதில்லை என்பது நானாக வைத்துக்கொண்ட வழக்கம். அதற்காக மூவரிடமும் வகுப்புத் தேர்வு அட்டவணையை முன்பே வாங்கிவிடுவேன். முதலாளி சுப்புராயன் வைத்த வழக்கம் இன்னொன்று. அரியர், அதாவது தோற்றுப்போன தாள், வைத்திருக்கிறவர்கள் இந்தக் கடைக்கு வேண்டாம். வேலைக்கு வந்த அன்றே மூவரிடமும் அதைக் கறாராகச் சொல்லி, "அரியர் இருக்கா?" என்று கேட்டேன். மூவரும் இல்லை என்றார்கள். நானும் நம்பினேன்.

அன்று புதன்கிழமை மத்தியானம். எண்ணெய்ப் பாக்கெட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த கவியரசன் என் பக்கம் வந்து நின்றான். வேலை இல்லாதபோதும் வேலை செய்வதுபோல் நிற்கத் தெரிந்த பையன்.

"அக்கா, நாளைக்குக் காலைல சந்தியா ஷிப்ட நான் பாத்துக்கறேன்."

"ஏன், அவளுக்கு இன்னா?"

"ஊருக்குப் போவணுமாம்."

சந்தியாவுக்கு ஊர் கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கும் மேலே. இங்கே விடுதியில் தங்கிப் படிக்கிறாள். பொங்கலுக்குப் போய் வந்தவள், அதற்குப் பிறகு மலை ஏறவில்லை. கணிதம் கடைசி வருடம். பட்டம் வாங்கியதும் பி.எட். சேர்ந்து, மலையிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக வேண்டும் என்று ஒருநாள் வெங்காயம் எடை போட்டுக்கொண்டே என்னிடம் சொன்னாள். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை, அதனால் அது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"பரீட்சைக்கு நடுவுல ஊருக்கா? சரி, அது அவ பாடு. நீ கணக்கச் சொல்லு. இந்த வாரம் எவ்ளோ செஞ்சிருக்க?"

"இன்னியோட சேத்து ஏழு மணி நேரம்கா."

"சனிக்கிழம காலைல உனக்கு நாலு. ஆச்சு பதினொண்ணு. நாளைக்கு அவளோட நாலையும் சேத்தா?"

அவன் கூரையில் சுற்றும் மின்விசிறியைப் பார்த்தான்.

"பதினஞ்சு. வெங்கடேசன் சாரு உன்னையும் அனுப்பிருவாரு, என்னையும் உண்டு இல்லன்னு பண்ணிருவாரு. போடா, போய் எண்ணெய அடுக்கு."

"அதெல்லாம் ஜாஸ்தி ஆவாதுக்கா. நான் எப்படியாச்சும்..." என்று ஏதோ இழுத்தான். நான் காதில் வாங்கவில்லை. அருள்மொழியைக் கேட்கலாமென்றால் அவளுக்கே வியாழன் காலைதான் தேர்வு. ஆக, சந்தியாதான் வர வேண்டும்.

சாயங்காலம் சந்தியாவே போன் செய்தாள். குரல் எப்போதையும்விடச் சின்னதாக இருந்தது.

"அக்கா, நாளைக்குப் பத்து மணிக்கு வராம ஒன்றரை மணிக்கு வரட்டுமாக்கா?"

"பத்துல இருந்து ரெண்டுதான் உன் ஷிப்டு. ஒன்றரைக்கு வந்து இன்னா பண்ணப்போற, விளக்கேத்தவா?"



"சரிக்கா. பத்துக்கே வந்துடறேன்."

வைத்துவிட்டாள். நானும் போனை வைத்துவிட்டுப் பருப்பு மூட்டை எண்ணப் போனேன். என் வாய்க்கு அப்போது நல்ல புத்தி கிடையாது. மூட்டையை எண்ண எண்ண அந்த ஒன்றரை மட்டும் மண்டைக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. ஊருக்குப் போகிறவள் ஒன்றரைக்கு எப்படி வருவாள்? மலைக்குப் போய்விட்டு அதற்குள் திரும்புகிற பஸ் எது?

ஒன்றரை எனக்குத் தெரிந்த நேரம். மூன்று வருடமாக அதை வைத்துத்தான் அட்டவணை போடுகிறேன். காலைத் தேர்வு பத்து மணிக்குத் தொடங்கி ஒரு மணிக்கு முடியும். தாளைக் கொடுத்துவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்துக் கடைக்கு வர அரை மணி நேரம். ஆனால் சந்தியாவின் வகுப்புக்கு வியாழக்கிழமை எந்தத் தேர்வும் இல்லை. வகுப்புக்கு இல்லாத தேர்வு அவளுக்கு மட்டும் இருக்கிறதென்றால் அதற்கு ஒரே பெயர்தான்.

"பத்துக்கே வந்துடறேன்" என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்! தேர்வை விட்டுவிட்டு இங்கே வந்து சோப்புக்கும் சேமியாவுக்கும் பில் போடப் போகிறாள். வேலை போகக் கூடாதென்று பட்டத்தைக் கைவிடுகிறாள். இந்த ஏப்ரலில் அந்தத் தாளை எழுதாவிட்டால், உடன் படித்தவர்களெல்லாம் பட்டத்தோடு போய்விடுவார்கள், பி.எட். ஒரு வருடம் தள்ளிப்போகும். மலையில் ஒரு வருடம் சும்மா இருக்கும் பெண்ணை வீட்டில் விட்டுவைப்பார்களா? நேராக மாப்பிள்ளை பார்ப்பார்கள்.

உடனே கூப்பிட்டேன்.

"சந்தியா, எத்தன அரியர்?"

"அக்கா, அது வந்து..."

"கேக்கறேன்ல? எத்தன?"

"ஒண்ணுதான்கா. போன வருசம் போச்சு." அழ ஆரம்பித்துவிட்டாள். "சத்தியமா ஒண்ணுதான்கா. மொதலாளிகிட்ட சொல்லாதீங்கக்கா. வேல போயிடும்."

"அழுவாத. நாளைக்குப் பத்து மணிக்கு நீ இங்க வந்தா, கால ஒடிப்பேன். பரீட்ச எழுதப் போ. மத்தத நான் பாத்துக்கறேன்."

"மொதலாளி..."

"பாத்துக்கறேன்னு சொன்னேன்ல? படிச்சிக்கினு இரு. வை போன."

சொல்லியாகிவிட்டது. கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தேன். சந்தியா இதுவரை எட்டு மணி நேரம். வியாழன் நான்கைக் கவியரசனுக்குக் கொடுத்து, அவனுடைய சனிக்கிழமை நான்கைச் சந்தியாவுக்குக் கொடுத்தால் அவனுக்குப் பதினொன்று, அவளுக்குப் பன்னிரண்டு. யாருக்கும் கூடவில்லை, குறையவுமில்லை. மத்தியானமே இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். கூட்டிப் பார்த்துப் பையனை விரட்டுவதில் குறியாக இருந்தவளுக்கு மாற்றிப் பார்க்கத் தோன்றவில்லை.

அலமாரிப் பக்கம் நின்ற கவியரசனைக் கூப்பிட்டேன். "நாளைக்குக் காலைல நீ வா. சனிக்கிழம உனக்குப் பதிலா சந்தியா வருவா."

"அப்ப சனிக்கிழம காலைல எனக்கு வேல இல்லியாக்கா?"

"இல்ல."

"நெசமாவா?" முகமெல்லாம் பல். பையனுக்கு லீவு என்றால் அவ்வளவு ஆசை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இனி முதலாளி பாக்கி. மாற்றத்தைக் கல்லூரிக்கு அவர்தான் அனுப்ப வேண்டும், காரணம் எழுதாமல் அனுப்ப முடியாது. சுப்புராயன் கல்லாவில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர் டீ குடிக்கும்போது யாரும் போய்ப் பேச மாட்டோம். அன்று போய் நின்றேன்.

"மொதலாளி, நாளைக்கும் சனிக்கிழமைக்கும் ரெண்டு பேர மாத்தறேன். காலேஜுக்கு ஒரு மெசேஜ் போடணும்."

"இன்னா காரணம்?"

"சந்தியாவுக்குப் பரீட்ச." உடனே அடுத்ததையும் சொன்னேன். "அரியர் பரீட்ச."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நல்ல பொண்ணு மொதலாளி. இதுவரைக்கும் கல்லாவுல ஒரு ரூபா கூடக் கொறைச்சல் வந்ததில்ல. அரியர் இருந்தா வேண்டாம்னு நீங்க சொன்னீங்கதான். ஆனா இந்தப் பொண்ண அனுப்பினீங்கன்னா நானும் போயிருவேன். அப்பறம் இந்த அட்டவணைய நீங்களே எழுதிக்கணும்."

"நான் எப்ப அப்படிச் சொன்னேன்?"

"நீங்கதான சொன்னீங்க? அரியர் வெச்சிருக்கறவன் நம்ம கடைக்கு வேணாம்னு."

"ஏம்மா, அது முன்னாடி இங்க வேல பாத்த மீசக்காரப் பயலச் சொன்னது! பரீட்ச பரீட்சன்னு லீவு வாங்கிக்கினு தியேட்டர்ல போய் உக்காந்திருந்தானே, அவன. அத வெச்சிக்கினு நீ சட்டம் போட்டியா?" என்றவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அரியர் எழுதறவளத்தான்மா வேலைக்கு வெச்சிக்கணும். விட்டதப் புடிக்கறவ."

அவர் எப்போதோ ஒரு பையன் மேல் எரிச்சலில் முணுமுணுத்ததை, நான் கடைச் சட்டமாக எடுத்துக்கொண்டு மூன்று பிள்ளைகளையும் பயமுறுத்தி, சந்தியாவைப் பொய் சொல்ல வைத்திருக்கிறேன்.

முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார். வெங்கடேசன் சாரிடமிருந்து உடனே பதில் வந்தது. மாற்றத்துக்குச் சம்மதம், மணி நேரம் சரியாக இருக்கிறது, அந்தப் பெண்ணை நன்றாக எழுதச் சொல்லுங்கள்.

மறுநாள் ஒன்றரை மணிக்குக் கடைவாசலில் ஷேர் ஆட்டோ நின்றது. வேலையே இல்லாதபோதும் சந்தியா வந்து இறங்கினாள். கையில் தேர்வு அட்டை, விரலெல்லாம் மை. நான் கேட்கும் முன்பே முதலாளி கல்லாவிலிருந்து கேட்டார்.

"எப்படிம்மா எழுதன?"

அவள் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "நல்லா எழுதியிருக்கேன் சார். பாஸாயிடுவேன்." அப்படியே திரும்பி என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். பருப்புத் தூசி கண்ணில் விழுந்துவிட்டது என்று சொல்லக்கூட மறந்துவிட்டேன்.

பக்கத்துக் கவுண்டரில் கவியரசன் எல்லாப் பல்லையும் காட்டிக்கொண்டிருந்தான்.

"உனக்கு இன்னாடா அவ்ளோ சந்தோசம்? நேத்துல இருந்து பாக்கறேன்."

"ஒண்ணுமில்லக்கா." அவன் முதலாளியை ஓரக் கண்ணால் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "சனிக்கிழம காலைல எனக்குக் காய்ச்சல் வர்றதா இருந்துச்சு. இனிமே வராது."

"காய்ச்சலா? அது எப்படிடா முன்கூட்டியே..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினேன். சனிக்கிழமை காலை அவன் வகுப்புக்கும் தேர்வு இல்லை. "எத்தனடா?"

"ரெண்டுக்கா. ஒண்ணு சனிக்கிழம. இன்னொண்ணு அடுத்த வாரம்."

நேற்று "நான் எப்படியாச்சும்" என்று அவன் இழுத்தது அப்போதுதான் புரிந்தது. பக்கத்தில் முதலாளி சிரிக்கிற சத்தம் கேட்டது. அந்தக் கடையில் சேர்ந்ததிலிருந்து அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அடுத்த வார அட்டவணைக்கு ஒரு வெள்ளைத் தாளை எடுத்தேன். இந்த முறை பெயர்களை எழுதவில்லை. முதலில் அருள்மொழிக்குப் போன் போட்டேன்.

"உனக்கு எத்தன?"

"இன்னாதுக்கா?"

"பயப்படாம சொல்லு. இந்தக் கடையில இனிமே யாருக்கும் காய்ச்சல் வராது."